கம்பளி போர்த்திய சுவர் ஏன் நனைகிறது?

ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் முத்து முத்தாக அரும்புவதை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். டம்ளரில் ஓட்டை ஏதுமில்லை. அந்த நீர் உள்ளேயிருந்து வந்ததன்று, சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அதே டம்ளரைச் சுற்றி மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு உலர்ந்த பஞ்சை வைத்துக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? பஞ்சின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருக்கும்; குளிர்ச்சிகூட அதிகம் தெரியாது. வியர்ப்பது நின்றுவிட்டது என்றே எண்ணத் தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்துப் பஞ்சை மெல்லப் பிரித்துப் பார்த்தால், டம்ளரையொட்டிய பஞ்சு சொதசொதவென்று நனைந்திருக்கக் காண்பீர்கள்.

வியர்வை நிற்கவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த டம்ளருக்கு நேர்ந்ததுதான் ஐரோப்பாவின் பழைய செங்கல் வீடுகள் பலவற்றுக்கும் நேர்கிறது. குளிரிலிருந்து வீட்டைக் காக்க வேண்டுமென்று நல்ல எண்ணத்தோடு சுவருக்கு உட்புறம் 'கம்பளி' போர்த்துகிறார்கள். சில ஆண்டுகளில், வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கும் அந்தச் சுவருக்குள்ளே பூஞ்சை படர்கிறது. தளத்தைத் தாங்கும் மர உத்தரத்தின் முனை மக்கிப்போகிறது. இது ஏன், இதைத் தவிர்க்க முடியுமா என்பதை ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

பெர்லின் நகரத்து வீடு

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் 1870க்கும் 1914க்கும் இடையே ஏராளமான அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. பெரும்பாலும் ஐந்து அடுக்குகள். தெருவைப் பார்த்த முகப்பில் சுண்ணாம்புச் சாந்தினால் செய்த பூவேலைகள், தூண்கள், சிற்பங்கள். இவற்றின் சுவர்கள் நடுவில் வெற்றிடம் எதுவுமில்லாத கெட்டிச் செங்கல் சுவர்கள். அக்காலச் செங்கல்லின் நீளம் 25 செ.மீ., அகலம் 12 செ.மீ. ஒரு முழுக்கல்லும் அரைக்கல்லும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் சாந்தும் சேர்ந்தால் 38 செ.மீ. மேல்மாடிகளின் சுவர்க்கனம் பெரும்பாலும் இதுதான். கீழே வரவரக் கனம் கூடும்.

ஒவ்வொரு மாடியின் தளத்தையும் மர உத்தரங்கள் தாங்குகின்றன. உத்தரத்தின் முனை, சுவரில் விடப்பட்ட ஒரு பொந்துக்குள் சுமார் 15 செ.மீ. ஆழத்துக்கு நுழைந்து உட்கார்ந்திருக்கும். இந்த உத்தர முனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் முக்கியமான பாத்திரம் அதுதான்.

செங்கல் வெப்பத்தை ஓரளவு நன்றாகவே கடத்தும். ஆகவே இவ்வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்க எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. சுவரின் வெளிப்புறத்தில் கனமான காப்புப் போர்வையை ஒட்டுவதுதான் இயற்பியல் நோக்கில் சிறந்த வழி. ஆனால் அப்படிச் செய்தால் முகப்பிலுள்ள சிற்பவேலைகளெல்லாம் மறைந்துபோகும். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்களில் அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. எனவே வீட்டுக்காரருக்கு எஞ்சியிருப்பது ஒரே வழி: உட்புறத்தில் போர்வை.

போர்த்துவதற்கு முன்

குளிர்கால நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைக்குள் வெப்பநிலை 20° செ.; வெளியே உறைநிலைக்கும் ஐந்து டிகிரி கீழே, அதாவது −5° செ. வித்தியாசம் 25 டிகிரி.

தொடராக இணைக்கப்பட்ட மின்தடைகளை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மின்னழுத்த வேறுபாடு ஒவ்வொரு தடைக்கும் அதன் அளவுக்கேற்பப் பங்கிடப்படுகிறது. வெப்பமும் அப்படியே. வெப்பநிலை வேறுபாட்டை மின்னழுத்தமாகவும், சுவரின் அடுக்குகளைத் தடைகளாகவும் கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு, அறைப்பக்கத்துச் சுவரையொட்டிய காற்றுப் படலத்தின் வெப்பத்தடை 0.13, பூச்சோடு சேர்ந்த செங்கல் சுவரின் தடை 0.56; வெளிப்பக்கத்துக் காற்றுப் படலத்தின் தடை 0.04. மொத்தம் 0.73. எனவே ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் வெளியேறும் வெப்பம் 25 ÷ 0.73, அதாவது ஏறத்தாழ 34 வாட். 12 சதுர மீட்டர் சுவருள்ள ஓர் அறையில் இது 400 வாட்டுக்கும் மேல்.

இனி, சுவரின் உட்பரப்பு எவ்வளவு குளிர்ந்திருக்கும்? காற்றுப் படலத்தின் தடை 0.13ஐ 34ஆல் பெருக்கினால் 4.5 டிகிரி. ஆகவே உட்பரப்பு 15.5° செ. அங்கிருந்து வெளிநோக்கிப் போகப் போக வெப்பநிலை படிப்படியாகக் குறைகிறது. உத்தர முனை இருக்கும் ஆழத்தில், அதாவது 15 செ.மீ. உள்ளே, சுமார் 8° செ. இருக்கும். உறைநிலைக்குக் கீழே இருப்பது சுவரின் வெளிப்புறத்து 7 செ.மீ. மட்டுமே.

இச்சுவர் எரிபொருளை விழுங்குகிறது, உண்மை. ஆனால் அப்படி வெளியேறும் வெப்பம் சுவருக்கு ஓர் ஊழியமும் செய்கிறது. மழையில் நனைந்த செங்கலை உள்ளேயிருந்து சூடேற்றி உலர்த்துகிறது. உத்தர முனையையும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் அந்த உத்தரங்கள் கெடாமல் நின்றதில் இந்த வீண் வெப்பத்துக்கும் பங்குண்டு.

போர்த்திய பின்

இப்போது வீட்டுக்காரர் சுவரின் உட்புறத்தில் 8 செ.மீ. கனத்துக்குக் கண்ணாடி நார்ப் பஞ்சை வைத்து, அதன்மேல் ஜிப்சம் பலகையை அடித்து, வண்ணமும் பூசிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பஞ்சின் வெப்பத்தடை 2.0. மொத்தத் தடை 0.73லிருந்து 2.73 ஆகிவிட்டது. வெளியேறும் வெப்பம் 25 ÷ 2.73, ஏறத்தாழ 9 வாட். முன்பிருந்ததில் கால் பங்கைவிடச் சற்றே கூடுதல்! அறைப்பக்கத்துப் பரப்பும் 19 டிகிரிக்கு ஏறிவிட்டது. வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி.

ஆனால் பலகைக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். 25 டிகிரி வித்தியாசத்தில் பெரும்பகுதியைப் பஞ்சே எடுத்துக்கொண்டுவிட்டது. பஞ்சின் முதுகு பழைய சுவரைத் தொடும் இடத்தில் வெப்பநிலை 0.5° செ. மட்டுமே. முன்பு 15.5 டிகிரியாக இருந்த அதே பரப்பு இது! உத்தர முனை இருக்கும் ஆழத்தில் சுவர் −1.5 டிகிரிக்கு இறங்கிவிட்டது. 38 செ.மீ. சுவரில் முன்பு 7 செ.மீ. மட்டும் உறைநிலைக்குக் கீழே இருந்தது. இப்போது 34 செ.மீ. அப்படி இருக்கிறது.

வீட்டுக்கு நாம் கம்பளி போர்த்தினோம். சுவரோ கம்பளிக்கு வெளியே குளிரில் நிற்கிறது.

காற்று சுமக்கும் நீர்

குளிர்ந்தால் என்ன, கல்தானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நீராவி வந்து சேர்கிறது.

காற்று ஓர் அளவுக்குத்தான் நீராவியைக் கொள்ளும். சூடான காற்று அதிகமாகவும் குளிர்ந்த காற்று குறைவாகவும் கொள்ளும். 20° செ. வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிக அளவாக சுமார் 17 கிராம் நீராவி இருக்கலாம். 0.5° செ. வெப்பநிலையில் 5 கிராம்தான். நம் பெர்லின் அறையில் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் கனமீட்டருக்கு 8.6 கிராம் நீராவி இருக்கிறது என்று பொருள். இது எங்கிருந்து வருகிறது? மூச்சு, சமையல், குளியல், துணி உலர்த்தல் என்று நாலு பேர் வாழும் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் பத்து லிட்டர் நீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது.

இந்தக் காற்றை மெல்லக் குளிரவைத்தால் 9.3° செ. வெப்பநிலையில் அது தெவிட்டிவிடும். அதுவே இக்காற்றின் பனிநிலை. பனிநிலைக்குக் கீழே எந்தப் பரப்பு இருந்தாலும் அதன்மேல் ஆவி நீராகப் படியும். போர்த்துவதற்கு முன் சுவரின் உட்பரப்பு 15.5 டிகிரி, பனிநிலைக்கு மேலே இருந்ததால் உலர்ந்திருந்தது. இப்போது அதே பரப்பு 0.5 டிகிரி. நம்முடைய ஐஸ் டம்ளர் இதுதான்!

"பஞ்சும் பலகையும் நடுவில் இருக்கின்றனவே, ஆவி எப்படிப் போகும்?" என்பது அடுத்த கேள்வி. ஊதுவத்தியின் மணம் அறை முழுதும் பரவுவது போலவே நீராவியும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு விரவிச் செல்லும். கண்ணாடி நார்ப் பஞ்சு வெப்பத்தைத் தடுப்பது அதனுள் அடைபட்ட அசைவற்ற காற்றினால்தான். ஆவிக்கோ அது திறந்த வாசல். ஜிப்சம் பலகையும் ஆவியை அதிகம் தடுக்காது. ஆனால் 38 செ.மீ. செங்கல் சுவர் இவ்விரண்டையும் சேர்த்ததைப்போல் இருபது மடங்கு தடை தருகிறது. வரும் வழி அகலம், போகும் வழி குறுகல்.

கணக்கிட்டால், மேலே சொன்ன நிலையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு சுமார் 50 கிராம் நீர் சுவருக்கும் பஞ்சுக்கும் இடையே படிகிறது. வெளிப்பக்கமாகத் தப்பிப் போவது ஒன்றரை கிராம் அளவே. 50 கிராம் என்பது ஒரு சின்னக் கரண்டி அளவு நீர்தான். ஆனால் 12 சதுர மீட்டர் சுவருக்கு நாள்தோறும் 600 கிராம் ஆகிறது. ஜெர்மன் தரக்குறியீடு இத்தகைய கணக்குகளுக்கு இதே −5 டிகிரிக் குளிரை 90 நாட்களுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படியானால் சதுர மீட்டருக்கு நாலரைக் கிலோ நீர்! ஒரு கிலோவுக்கு மேல் கூடாதென்பது அதே தரக்குறியீட்டின் வரம்பு.

இந்தக் கணக்கு முறையை 1950களின் இறுதியில் வெளியிட்டவர் ஹெல்முட் கிளாசர் என்ற ஜெர்மானியர். அவர் எடுத்துக்கொண்டது குளிர்பதன அறைகளின் சுவர்களை. சுவரின் அடுக்குகளை வரைந்து, அதன்மேல் தெவிட்டிய ஆவியழுத்தத்துக்கு ஒரு கோடும் உள்ள ஆவியழுத்தத்துக்கு ஒரு கோடும் இழுத்து, இரண்டும் எங்கே முட்டுகின்றன என்று பார்ப்பது அவர் முறை. முட்டும் இடத்தில் நீர் படியும்.

பாலித்தீன் தாள் காப்பாற்றுமா?

மீண்டும் டம்ளருக்கு வருவோம். பஞ்சின்மேல் ஒரு பாலித்தீன் பையை இறுக்கமாகச் சுற்றி, மேலும் கீழும் ஒட்டிவிட்டால் பஞ்சு நனையாது. இதையேதான் கட்டடக்காரர்களும் செய்தார்கள். பஞ்சுக்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே, அதாவது வெதுவெதுப்பான பக்கத்தில், பாலித்தீன் தாளை விரித்தார்கள். கிளாசர் கணக்குப்படி இது முழு வெற்றி. நாளொன்றுக்கு 50 கிராம் வந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு கிராம்கூட வராது.

ஆனால் வீடு டம்ளர் அன்று. தாளில் மின்கம்பி போக ஒரு துளை, அலமாரி மாட்ட ஓர் ஆணி, உத்தரம் நுழையும் இடத்தில் ஓர் இடுக்கு என்று பல வழிகள் உண்டாகின்றன. உத்தரம் தளத்திலிருந்து நேராகச் சுவருக்குள் போவதால் அங்கே தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டுவது மிகக் கடினம். இந்த இடுக்குகள் வழியே ஆவி விரவிப் போவதில்லை, காற்றே ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கனமீட்டர் அறைக்காற்று ஓர் இடுக்கின் வழியே பலகைக்குப் பின்னால் போய் வருவதாகக் கொள்ளுங்கள். 8.6 கிராமோடு உள்ளே போகும் காற்று, 5 கிராமோடுதான் வெளியே வரும். மிச்சம் 3.6 கிராம் அங்கேயே நீராகத் தங்கிவிடும். ஒரு நாளைக்கு 86 கிராம். அதுவும் சுவர் முழுதும் பரவாமல், அந்த இடுக்கின் அருகிலேயே. அந்த இடுக்கு உத்தர முனையாக இருந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கிளாசரின் கணக்கு அறையிலிருந்து வரும் ஆவியை மட்டுமே பார்க்கிறது. மழையை அது பார்ப்பதில்லை. காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையைச் செங்கல் பஞ்சுபோல் உறிஞ்சும். செங்கல்லின் நுண்ணிய துளைகள் வழியே நீர் உட்புறம் நோக்கி ஊர்ந்து வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே நுண்புழை ஏற்றம்தான் இது. ஒரே மழையில் சுவர் குடிக்கும் நீர், ஒரு குளிர்காலம் முழுதும் ஆவியாக வரும் நீருக்குச் சமமாக இருந்துவிடலாம். முன்பு இந்த நீர் இருபக்கமும் உலர்ந்தது. இப்போது உட்பக்கத்து வழியைப் பாலித்தீன் அடைத்துவிட்டது. வெளிப்பக்கமாக உலர்த்தவோ போதிய வெப்பமில்லை.

கோடையில் வேறொரு வேடிக்கை நடக்கிறது. மழையில் நனைந்த முகப்பின்மேல் வெயில் அடிக்கிறது. செங்கல் சூடாகி, அதிலுள்ள நீர் ஆவியாகி, இருபுறமும் கிளம்புகிறது. உட்புறமாக வந்த ஆவி பஞ்சைக் கடந்து, அறையின் குளிர்ச்சியில் இருக்கும் பாலித்தீன் தாளின் முதுகில் மோதி நீராக வழிகிறது. குளிர்காலத்தில் உள்ளே வராமல் தடுத்த அதே தாள், கோடையில் வெளியேறாமல் தடுக்கிறது.

மக்கும் உத்தரம்

ஈரம் மிகுந்தால் மூன்று விதமான கேடுகள் வரும். முதலாவது பூஞ்சை. அதற்குச் சொட்டு நீர்கூட வேண்டாம். ஒரு பரப்பையொட்டிய காற்றில் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் வாரக்கணக்கில் இருந்தாலே போதும். பழைய சுவரில் ஒட்டியிருந்த காகிதமும் பசையும் அதற்கு நல்ல உணவு. இரண்டாவது உறைபனி. நீர் உறையும்போது கன அளவில் 9 விழுக்காடு பெருகும். செங்கல்லின் துளைகள் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் பெருக இடமின்றிச் செங்கல்லின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்து விழும்.

மூன்றாவதுதான் பெரிய ஆபத்து. மரத்தின் உலர்ந்த எடையில் நீர் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை அதை மக்கவைக்கும் காளான்கள் அண்டுவதில்லை. 30 விழுக்காட்டை நெருங்கினால் மரத்தின் செல்சுவர்கள் நீரால் நிரம்பிவிடும். காளான்களுக்கு அது விருந்து. மரத்துக்கு வலுவூட்டும் செல்லுலோசை அவை தின்றுவிடும். மிஞ்சுவது பழுப்பு நிறத்தில், கனசதுரத் துண்டுகளாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் ஒரு சக்கை. இவற்றுள் 'செர்ப்புலா லாக்ரிமான்ஸ்' என்ற ஒரு காளான் கயிறு போன்ற இழைகளைச் சுவரின் சாந்துக்குள் செலுத்தி, நீரைத் தானே எடுத்துச் சென்று அப்பாலுள்ள மரத்தையும் பற்றிக்கொள்ளும். உத்தரத்தின் பளு முழுவதும் சுவரில் இறங்குவது அதன் முனையில்தான். அது மக்கினால் தளம் இறங்கும்.

இத்தனையும் நடக்கும்போது அறைக்குள் இருப்பவருக்கு என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவர் தொடும் பலகை 19 டிகிரி வெப்பத்தில் உலர்ந்தே இருக்கிறது. சாதாரண ஒழுகலில் சுவர் கறைபட்டு எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கையும் இல்லை. மண்வாடை போன்ற ஒரு நாற்றம், தளத்தின் ஓரத்தில் சிறிய இறக்கம், சரியாகச் சாத்தாத கதவு ஆகியவை வெளியே தெரிவதற்குள் கேடு முற்றியிருக்கும்.

ஆகவே அறிந்தவர்கள் வேறு விதமாகப் பார்க்கிறார்கள். தளப்பலகையில் ஒன்றைக் கழற்றி, உத்தர முனையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, அவற்றுக்கிடையே உள்ள மின்தடையை அளக்கிறார்கள். உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை; ஈரம் ஏற ஏறத் தடை பல மடங்கு குறைகிறது. கருவி அதை ஈர விழுக்காடாகவே காட்டிவிடும். போர்வை வைக்கும்போதே அதன் முதுகில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் உணரும் சிறு உணர்விகளைப் புதைத்துவிடுவது இன்னும் நல்லது. ஒரு குளிர்காலம் முடிந்து கோடை வந்ததும் ஈரப்பதம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனால் சுவர் உலரவில்லை என்று அர்த்தம்.

தடுப்பதைவிடத் திருப்பி அனுப்புவது

ஆவி வருவதை முற்றிலும் தடுக்க முடியாது. அப்படியானால் வந்த நீரைத் திரும்ப அறைக்கே அனுப்பிவிட முடியுமா? முடியும். அதற்கு உதவுவது கால்சியம் சிலிகேட் பலகை. சுண்ணாம்பையும் மணற்சத்தையும் அழுத்தமுள்ள நீராவியில் வேகவைத்து இதைச் செய்கிறார்கள். இதன் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு நுண்துளைகள். காற்று நிறைந்திருப்பதால் வெப்பத்தைத் தடுக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்த நுண்புழைகளாக இருப்பதால் திரியைப்போல் நீரை இழுக்கிறது.

இதைச் சுவரில் ஒட்டினால் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராக நடக்கும். ஆவி வெப்பப் பக்கத்திலிருந்து குளிர்ப் பக்கத்துக்குப் போகும். பலகையின் முதுகில் அது நீராகப் படிந்ததும், நீர் ஈரமான இடத்திலிருந்து உலர்ந்த இடத்துக்கு, அதாவது அறையின் பக்கமாக, நுண்புழைகள் வழியே திரும்பி வரும். அங்கே மறுபடியும் ஆவியாகி அறைக்காற்றில் கலந்துவிடும். நீர் படிகிறது; ஆனால் தேங்குவதில்லை. பலகையின் சுண்ணாம்புத் தன்மை பூஞ்சைக்கும் ஆகாது.

5 செ.மீ. பலகையை நம் சுவரில் வைத்துக் கணக்குப் போடுவோம். அதன் வெப்பத்தடை 0.83. மொத்தத் தடை 1.56. வெளியேறும் வெப்பம் 16 வாட். கண்ணாடி நாருக்குக் கிடைத்த 9 வாட்டைவிட இது அதிகம்தான். ஆனாலும் 34 வாட்டாக இருந்தது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பழைய சுவரின் உட்பரப்போ 0.5 டிகிரிக்குப் பதில் 4.6 டிகிரியில் நிற்கிறது. எரிபொருள் மிச்சத்தில் பெரும்பங்கை முதல் சில சென்டிமீட்டர்களே தந்துவிடுகின்றன. அதற்குமேல் கனத்தைக் கூட்டினால் மிச்சம் கொஞ்சமே கூடும்; சுவர் குளிர்வதோ தொடரும். உட்புறப் போர்வையில் மிதம் நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பலகைக்கும் நிபந்தனைகள் உண்டு. முதலில் பழைய காகிதம், பசை, எண்ணெய் வண்ணம் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். பலகையின் முதுகு முழுதும் சாந்தால் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் அங்கே காற்று நுழைந்து நீர் படியும், அந்த நீரை இழுக்கத் திரியும் இராது. மேலே சுண்ணாம்புப் பூச்சு போன்ற மூச்சுவிடும் பூச்சுதான் பூச வேண்டும். பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் திரும்பும் வழி அடைபட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் முன்னதாக முகப்பின் வெடிப்புகளை அடைத்து, மழைநீர்க் குழாய்களைச் செப்பனிட வேண்டும். வெளியிலிருந்து மழையைக் குடிக்கும் சுவரை எந்தப் பலகையும் காப்பாற்றாது.

மழை, வெயில், நுண்புழை ஏற்றம் அனைத்தையும் கிளாசரின் இரண்டு கோடுகளில் அடக்க முடியாது. ஆகவே இப்போது கணிப்பொறியில் சுவரை மணிக்கு மணி, பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'டெல்ஃபின்', ஃப்ரௌன்ஹோஃபர் கட்டட இயற்பியல் நிலையத்தின் 'வூஃபி' ஆகியவை இதற்கான நிரல்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து, வெளிப்புறத்தை நன்கு துடைத்து, ஐஸ் துண்டுகளை நிரப்பித் தட்டால் மூடுங்கள். மூன்றையும் 3 செ.மீ. கனத்துக்குப் பஞ்சால் சுற்றுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதன் பஞ்சின்மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி, விளிம்புகளை இடுக்கில்லாமல் ஒட்டுங்கள். மூன்றாவதையும் அவ்வாறே ஒட்டி, தாளில் பென்சில் முனையால் ஐந்தாறு துளைகள் இடுங்கள். சுற்றுவதற்கு முன் மூன்று பஞ்சுகளின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்து மறுபடியும் எடை போடுங்கள். மூன்றாவது பஞ்சில் ஈரம் எந்த இடத்தில் அதிகம் என்றும் தடவிப் பாருங்கள்.

முடிவாக, சிந்திக்க ஒரு கேள்வி. பெர்லினில் அறை வெப்பம், வெளியே குளிர். சென்னையில் குளிர்சாதன வசதி உள்ள அறையில் நிலைமை தலைகீழ்: வெளியே 33 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும், உள்ளே 22 டிகிரி. அந்த அறையின் சுவரில் ஆவி புகாத பிளாஸ்டிக் காகிதம் ஒட்டினால், பூஞ்சை எந்தப் பக்கம் வரும்? ஆவி எந்தத் திசையில் பயணம் செய்கிறது, எந்தப் பரப்பில் பனிநிலையைத் தொடுகிறது என்ற இரண்டையும் தாளில் வரைந்து பாருங்கள். விடை தானாகவே கிடைக்கும்.